பொங்கல் ஜனவரி 14 என்று யார் சொன்னது?

எங்கள் குடியிருப்பில் மார்கழி முப்பது நாளும் காலை ஐந்தரைக்குத் திருப்பாவை சேவிப்போம். மயிலாப்பூரில் இது பெரிய விஷயமே இல்லை, தெருவுக்குத் தெரு உண்டு. எங்கள் வழக்கம் என்னவென்றால், ஒரு நாளைக்கு ஒரு வீடு. அந்த வீட்டார் அன்றைய பாசுரத்தை எடுத்துக்கொடுக்க வேண்டும், பிரசாதமும் அவர்கள் பொறுப்பு. பட்டியல் போடுவது ஓய்வுபெற்ற நாளிலிருந்து என் வேலை. முப்பது பாசுரம், முப்பது வீடு, இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். மார்கழிக்கு முப்பது நாள் இருந்தால் கஷ்டமே இல்லை.

பல ஆண்டுகளில் இருப்பதில்லை. மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டு 29 நாள்தான். அப்போது கடைசி நாளன்று 29, 30 இரண்டையும் சேர்த்துச் சேவிப்போம், இரண்டு வீடு சேர்ந்து பிரசாதம் செய்யும். முப்பதாம் பாசுரம் எங்கள் இரண்டாம் மாடி மாமியுடையது. எண்பது வயதைத் தாண்டியவர். தனக்கென்று ஒரு முழு நாள் கிடைக்க வேண்டும் என்பதில் பிடிவாதம் உள்ளவர்.

2025 கார்த்திகையில் நான் பட்டியல் போட்டபோது கொஞ்சம் புத்திசாலித்தனம் செய்தேன். லீப் வருஷம் நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது, ஆகவே நாலு வருஷத்துக்கு முந்தைய பட்டியலை அப்படியே எடுத்தால் தேதி பொருந்தும் என்று கணக்குப் போட்டு, 2021 டிசம்பர் பட்டியலை நகலெடுத்தேன். டிசம்பர் 16 முதல் ஜனவரி 13 வரை, 29 நாள். ஜனவரி 14 பொங்கல். கைபேசியில் இருந்த பஞ்சாங்கச் செயலியும் 14 என்றே காட்டியது. போதாதா? பொங்கல் விருந்துக்குச் சமையல்காரருக்கு 14ஆம் தேதிக்கே முன்பணமும் கொடுத்துவிட்டேன். பட்டியலை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய அன்றே மாமி கதவைத் தட்டினார்.

"என்ன சார், மறுபடியும் என்னைப் பக்கத்து வீட்டோட சேர்த்துட்டேள்? எங்காத்துக் காலண்டர்ல மார்கழி முப்பதுன்னு போட்டிருக்கே!"

கையில் தினசரிக் காலண்டரையே கொண்டுவந்திருந்தார். புரட்டிப் பார்த்தேன். ஜனவரி 14 புதன், மார்கழி 30, போகி. ஜனவரி 15 வியாழன், தை 1. அரசு விடுமுறைப் பட்டியலிலும் பொங்கல் 15தான். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அப்புறம் உட்கார்ந்து யோசித்ததைச் சொல்கிறேன். நம் மாதங்கள் 30, 31 என்று யாரோ நிர்ணயித்த எண்கள் அல்ல. சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் மாதம். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால், அந்தச் சமயத்தில் சூரியன் வேகமாக நகர்வதாக நமக்குத் தெரியும். அதனால் மார்கழிதான் ஆண்டின் மிகக் குட்டை மாதம்: வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கில் 29 நாள் 20 நாழிகை 53 விநாழிகை. எதிர்ப்பக்கம் ஆனி 31 நாள் 36 நாழிகைக்கு மேல் இழுக்கும். அதனால்தான் ஆனிக்கு 32ஆம் தேதி என்று ஒன்று அடிக்கடி வருகிறது. (என் மருமகள் அதை அச்சுப்பிழை என்று நினைத்தாள்.)

மிச்சமுள்ள நாழிகைகளை என்ன செய்வது? அதற்குத் தமிழ்நாட்டில் ஒரு விதி உண்டு. சூரியன் ராசிக்குள் நுழைவது அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே மாதத்தின் முதல் தேதி. அஸ்தமனத்துக்குப் பின் என்றால் மறுநாள். ஆகவே ஐந்து நிமிஷ வித்தியாசம்கூடப் பண்டிகையை ஒரு நாள் தள்ளிவிடும்.

2026 பொங்கலில் நடந்தது அதுதான். வாக்கியப்படி 2025 சித்திரை பிறந்தது ஏப்ரல் 14 அதிகாலை இரண்டரை மணி சுமாருக்கு. சித்திரையிலிருந்து மார்கழி முடிய ஒன்பது மாதங்களின் அளவையும் கூட்டினால் 275 நாள், 39 நாழிகை, 30 விநாழிகை. 275 நாள் கழித்து ஜனவரி 14 அதிகாலை இரண்டரை. மீதி முப்பத்தொன்பதரை நாழிகை, நாழிகைக்கு 24 நிமிஷமாக, பதினாறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக, தை பிறப்பது 14ஆம் தேதி மாலை ஆறேகால் வாக்கில். சென்னையில் அந்த வாரம் சூரியன் மறைவது ஆறு மணியை ஒட்டி. கொஞ்சத்தில் தப்பிவிட்டது, பொங்கல் 15.

திருக்கணிதத்தில் அதே தை பிறப்பு பிற்பகல் மூன்று மணியளவில். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஆகவே பொங்கல் 14. செயலி தப்புச் சொல்லவில்லை, அது திருக்கணிதம் பார்த்தது. மாமியின் காலண்டர் வாக்கியம் பார்த்தது. எந்தக் கணக்கு என்று கேட்காமல் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டது நான்.

சரி, என் நாலு வருஷ நகல் ஏன் பலிக்கவில்லை? வாக்கிய ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை, அதாவது 365 நாளும் ஆறு மணி பன்னிரண்டு நிமிஷமும். லீப் நாள் சரிக்கட்டுவது ஆண்டுக்கு ஆறு மணி நேரத்தை மட்டுமே. மீதிப் பன்னிரண்டு நிமிஷம் நாலு ஆண்டில் ஐம்பது நிமிஷமாகிறது. 2022இல் தை பிறந்தது மாலை ஐந்தரைக்கு முன், அஸ்தமனத்துக்கு அரை மணி இருந்தது. 2026இல் அதே இடம் ஐம்பது நிமிஷம் நகர்ந்து அஸ்தமனத்தைத் தாண்டிவிட்டது. 2022 ஜனவரியில் கொரோனா கட்டுப்பாடுகளால் அவரவர் வீட்டிலேயே சேவித்தோம், அதனால் அந்தப் பட்டியலை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.

இந்த நகர்வு ஓயாது. நூறு ஆண்டில் ஒன்றரை நாள் தள்ளும். விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று; அன்றைய ஆங்கிலத் தேதி 1863 ஜனவரி 12. நாம் சிறு வயதில் ஜனவரி 14ஐயே பார்த்துப் பழகியதால் அதுவே பொங்கலின் பிறந்தநாள் என்று நினைக்கிறோம். 2023, 2024, 2026 மூன்றுமே 15. வாக்கியப்படி 2027, 2028ம் 15தான். 2029இல் லீப் நாளின் தயவால் மீண்டும் 14க்கு வரும்.

ஆகவே என் கட்சி இது: விழா அழைப்பிதழில் ஜனவரி தேதியை முதலில் போட்டுவிட்டுத் தை ஒன்றை அடைப்புக்குள் தள்ளுவது தலைகீழ். தை ஒன்று, இன்ன பஞ்சாங்கப்படி, அது இந்த ஆண்டு இன்ன ஆங்கிலத் தேதி என்று எழுத வேண்டும். சங்கத்தின் ஆடி மாதக் கூட்டத்திலேயே எந்தப் பஞ்சாங்கம் என்று முடிவு செய்துவிட வேண்டும். எங்கள் பக்கம் பெரும்பாலும் கோயிலும் காலண்டரும் வாக்கியம்தான் என்பதால் நான் வாக்கியத்துக்கே கை தூக்குவேன். வானத்தில் எது சரி என்று கேட்டால் திருக்கணிதம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் போகி மேளம் கொட்டும்போது நாம் மட்டும் பானை வைப்பது ஒரு விழாவா? அடையாற்றில் இருக்கும் என் நண்பர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். தப்பென்று தெரிந்த கணக்கை ஊரோடு சேர்ந்து கட்டி அழுவானேன் என்பார்.

தை பிறப்பு மாலை நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் விழுகிற ஆண்டுகளில் இரண்டு நாளையும் பேசிவைத்துவிட்டு, காலண்டர் வந்ததும் ஒன்றை விடுவதுதான் கைக்காவல்.

சமையல்காரர் நல்ல மனிதர். 15ஆம் தேதி வேறு இடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொன்னாலும், காலை ஆறு மணிக்குள் முடித்துக்கொடுத்துவிட்டு அங்கே போனார். பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். ஜனவரி 14 புதன்கிழமை, போகிப் புகையோடு, முப்பதாம் பாசுரம் இரண்டாம் மாடி மாமிக்கு மட்டும். அக்காரவடிசில் செய்திருந்தார். அடுத்த மார்கழியும் முப்பது நாள்தான் என்று சொன்னேன். "நீங்க சொல்றதா, காலண்டர் சொல்றதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுத்தார்.