ஆட்சி மாறியது, வார்டுக்கு ஆள் இல்லை

ஓசூர் வாக்காளர்கள் 2019 ஏப்ரல் 18 அன்று இரண்டு முறை பொத்தானை அழுத்தினார்கள். ஒன்று மக்களவைக்கு, மற்றொன்று சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. அந்த இடைத்தேர்தலில் மாநிலத்தை ஆண்ட அதிமுக, தன் தொகுதியைத் திமுகவிடம் இழந்தது. 2021இல் மாநில ஆட்சியே கைமாறியது.

பொருளாதார அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர் 1942இல் ஜனநாயகத்துக்கு வகுத்த இலக்கணப்படி இதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை. தலைவர்கள் வாக்குக்காகப் போட்டியிட வேண்டும், மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த அளவுகோலைச் சிறுமைப்படுத்த மாட்டோம். நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த ஆட்சியை 1977இல் வீட்டுக்கு அனுப்பியது இதே வாக்குப்பெட்டிதான்.

ஆனால் 2019, 2021 தேர்தல்கள் நடந்த அதே காலத்தில் ஓசூரில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே நகராட்சி மன்றத்தின் பதவிக்காலமும் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243யு பிரிவு சொல்கிறது. வார்டு மறுவரையறை, வழக்கு, கொரோனா என்று இழுத்து, நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்.

இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நகரத்தை நடத்தியவர் தனி அலுவலர். மன்றத்தின் அதிகாரம் முழுக்க அவரிடம். தீர்மானத்தை முன்வைப்பவரும் அதை நிறைவேற்றுபவரும் ஒருவரே. 2018இல் மாநிலம் முழுக்கச் சொத்து வரி ஏறியபோது, ஓசூரில் அதை எதிர்த்து மன்றத்தில் எழுந்து பேச ஒருவரும் இல்லை. 2019இல் நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தபோதும் மன்றம் காலியாகவே கிடந்தது. சிப்காட் தொழிலாளி குடியிருக்கும் லைன் வீட்டுத் தெருவில் சாக்கடை அடைத்தால், பெயர் சொல்லிக் கூப்பிட அன்று ஆள் இல்லை.

அரசியல் கோட்பாட்டாளர் கரோல் பேட்மன் 1970இல் எழுதியது இங்கே பொருந்துகிறது. பணியிடத்திலும் உள்ளூரிலும் முடிவெடுத்துப் பழகுவதால்தான் மக்கள் குடிமக்களாகத் தேறுகிறார்கள் என்றார் அவர். அந்தக் கோலால் அளந்தால், ஷும்பீட்டரிடம் முழு மதிப்பெண் வாங்கிய ஓசூர் அந்த ஆண்டுகளில் தோற்றுப்போகிறது. நாடுகளுக்கு மதிப்பெண் போடும் வி-டெம் நிறுவனம் பங்கேற்பையும் உள்ளாட்சியையும் தனியாகவே அளக்கிறது. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே எண் போடும்போது ஒரு மாநில நகரங்களின் காலி மன்றங்கள் அதில் கரைந்துபோகும். ஆட்சி மாறியதை வைத்து மட்டும் ஒரு நாட்டை மெச்சுவதை நாம் ஏற்க மறுப்பது இதனால்தான்.

இப்போது ஓசூரில் 45 கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். வார்டு குழு, ஏரியா சபை ஆகியவற்றுக்கான விதிகளும் 2022இல் வந்துவிட்டன. சபை கூடியதா என்று மட்டும் கேட்டால் போதாது. அங்கே எழுந்த கோரிக்கை அடுத்த மாமன்றக் கூட்டத்தில் மன்றப் பொருளாக வந்ததா, வராவிட்டால் காரணம் எழுத்தில் தரப்பட்டதா என்று ஒவ்வொரு வார்டிலும் கேட்க வேண்டும்.