குடும்ப நலம்: குழந்தைக்கு ஏன் அந்த ஊசி?

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ளார். பிரசவித்த அன்றே தம் குழந்தையின் தொடையில் ஓர் ஊசி போட்டார்களாம். ஈரல் சுருங்கிய மாமனாருக்கும் மருத்துவர் அதே மருந்தைக் கொடுத்தாராம். பச்சைக் குழந்தைக்கும் முதியவருக்கும் ஒரே மருந்தா என்பது அவரது ஐயம்.

அது வைட்டமின் கே. டென்மார்க் நாட்டின் ஹென்ரிக் டாம், 1929ஆம் ஆண்டில் கொழுப்பில்லாத தீவனம் உண்ட கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தம் கசிவதைக் கண்டார். அந்த ஆய்வே பின்னர் இவ்வைட்டமினைக் காட்டிக் கொடுத்தது. இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களில் நான்கை (2, 7, 9, 10 என எண்ணிட்டவை) ஈரல் உருவாக்கும்போது இவ்வைட்டமின் உடனிருக்க வேண்டும். இல்லையேல் புரதம் உருவாகும். ஆனால் அது சுண்ணச்சத்தைப் பற்றிக்கொள்ள இயலாது. சுண்ணச்சத்தைப் பற்றாத புரதம் காயத்தின் வாயில் ஒட்டி நின்று வேலை செய்வதில்லை.

கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயிடமிருந்து இவ்வைட்டமின் மிகச் சிறிதளவே செல்கிறது. தாய்ப்பாலிலும் அது குறைவு. தாய் முருங்கைக் கீரையை நிறைய உண்டாலும் இக்குறை தீர்ந்துவிடாது. இதனால் தாய்ப்பாலை எவரும் குறை கூற வேண்டாம். குழந்தையின் குடலில் இதனை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் இன்னும் குடியேறவில்லை. எனவே முதல் வாரத்தில் தொப்புளிலிருந்தோ மலத்திலோ இரத்தம் காணலாம். அதனினும் அஞ்சத்தக்கது, இரண்டாம் வாரத்துக்குப் பின் ஆறு மாதம் வரை, நன்றாகப் பால் குடித்துவந்த குழந்தைக்குத் திடீரென மூளையில் ஏற்படும் கசிவு. பிறந்தவுடன் தொடைத் தசையில் போடும் ஒரு மில்லிகிராம் (ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு அரை மில்லிகிராம்) இதைத் தடுக்கிறது. தசையிலிருந்து மருந்து மெல்ல மெல்லக் கசிவதால் ஒரே ஊசி நெடுநாள் காக்கிறது. வீட்டில் பிறந்த குழந்தைக்கு இது விடுபட்டிருந்தால், மருத்துவமனைக்குக் கொண்டு சென்று போட்டுக்கொள்ளலாம்.

மாமனாரின் நிலை வேறு. இவ்வைட்டமின் கொழுப்பில் கரைவது. பித்தநீர் இல்லாமல் குடல் அதை உறிஞ்சாது. கல்லோ கட்டியோ பித்தக் குழாயை அடைத்தால், உண்ட கீரை பயன் தராது. அப்போது ஊசி போட்டால், இரத்தம் உறையும் நேரம் ஏறத்தாழ ஒரு நாளில் சீராகிவிடும். ஆனால் ஈரலே சுருங்கிவிட்டால், தொழிற்சாலை பழுதாகிவிட்டது; மூலப்பொருளைக் கொட்டினாலும் சரக்கு வராது. ஊசிக்கு மறுநாள் மீண்டும் சோதிக்கும்போது அந்நேரம் குறையவில்லையெனில், குறை ஈரலில் என மருத்துவர் அறிவார். ஆகவே அவருக்கு அது மருந்து மட்டுமன்று, சோதனையும் ஆகும். அவருக்குக் கறுத்த மலமோ இரத்த வாந்தியோ வந்தால் ஊசியை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

இரண்டு வாரங்களுக்கு மேலும் குழந்தையின் மஞ்சள் நிறம் மாறாமல், மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால், அங்கும் பித்தக் குழாய் அடைபட்டிருக்கக்கூடும். பிறந்தபோது ஊசி போட்டாயிற்றே என்று அதை விட்டுவிடலாகாது.