கிரிப்டோ பணமும் பெயர் கேட்கும் விதியும்

இணையவழி மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 என்ற உதவி எண்ணை அழைக்கும் நேரத்தில், பல வழக்குகளில் அந்தப் பணம் வங்கியில் இருப்பதில்லை. சில கணக்குகளுக்குக் கைமாறி, டெதர் போன்ற கிரிப்டோ நாணயமாக மாறி, வெளிநாட்டுத் தளம் ஒன்றுக்குச் சென்றிருக்கிறது. அதற்குப் பிறகு அதைப் பின்தொடரவே முடியாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது முழு உண்மையல்ல. பின்தொடர முடியும். ஆனால், அதற்கு இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் சேர்ந்து இயங்க வேண்டும். ஒன்று ‘பயண விதி’ எனப்படும் டிராவல் ரூல். மற்றொன்று பரிவர்த்தனைக் கண்காணிப்பு.

கிரிப்டோ பரிமாற்றங்கள் பதிவாகும் பிளாக்செயின் பேரேடு எவரும் பார்க்கக்கூடியது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எப்போது சென்றது என்பதெல்லாம் அதில் உண்டு. பெயர் மட்டும் இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. வர்த்தகத் தளங்கள் பெரும்பாலும் வாடிக்கையாளர்களின் நாணயங்களைப் பொதுவான சில முகவரிகளில் சேர்த்தே வைக்கின்றன. அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தளத்தின் உள்கணக்கில் மட்டுமே இருக்கும். எனவே, தளத்துக்குள் நுழைந்த நாணயத்தின் தடம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதே தளத்திலிருந்து ஆயிரம் பேர் பணம் எடுத்தால், அவர்களில் நாம் தேடுபவர் யார் என்று வெளியிலிருந்து சொல்ல இயலாது.

இந்த இருட்டைப் போக்க வந்ததே பயண விதி. 1996இல் அமெரிக்கா தன் வங்கிகளுக்கு விதித்த நிபந்தனையிலிருந்து பிறந்தது இப்பெயர். பணம் அனுப்புபவரின் விவரம் பணத்துடன் சேர்ந்தே பயணிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்துக்கு எதிரான சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப், 2019 ஜூனில் இதைக் கிரிப்டோ தளங்களுக்கும் விரிவாக்கியது. அனுப்புபவரின் பெயர், அவரது முகவரி அல்லது அடையாள எண், இருவரின் கணக்கு விவரம், பெறுபவரின் பெயர் ஆகியவற்றை அனுப்பும் தளம் பெறும் தளத்திடம் தெரிவிக்க வேண்டும். இதில் அனுப்புபவரைச் சரிபார்ப்பது அனுப்பும் தளத்தின் பொறுப்பு. பெறுபவரைச் சரிபார்ப்பது பெறும் தளத்தின் பொறுப்பு.

வங்கிகளுக்கு இது கடினமல்ல. அங்கே பணத்துக்கான உத்தரவும் வாடிக்கையாளர் விவரமும் ஒரே செய்தியில் செல்கின்றன. கிரிப்டோவில் நாணயம் பிளாக்செயின் வழியே செல்கிறது. விவரமோ, தளங்களுக்கு இடையிலான தனிப் பாதையில் மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை. மேலும், வங்கி ஒரு பணப் பரிமாற்றத்தை ஏற்க மறுக்கலாம். கிரிப்டோ முகவரிக்கு வரும் நாணயத்தை ‘வராதே’ என்று தடுக்க முடியாது. அது வந்துவிடும். விவரம் கிடைக்கும்வரை அதை வாடிக்கையாளரின் கணக்கில் வரவு வைக்காமல் நிறுத்திவைக்க மட்டுமே தளத்தால் முடியும். பயண விதியின் வலிமை முழுவதும் இந்த ‘நிறுத்திவைப்பு’ என்ற ஒற்றைக் கதவில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். சென்னையில் படிக்கும் மாணவர் ஒருவர் சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தன் வங்கிக் கணக்கையும் கிரிப்டோ கணக்கையும் மோசடிக் கும்பலுக்கு ‘வாடகை’க்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏமாற்றப்பட்ட ஒருவரின் 4,80,000 ரூபாய் அவரது வங்கிக் கணக்குக்கு வருகிறது. உடனே டெதர் வாங்கப்பட்டு, வெளிநாட்டில் பதிவுபெற்ற தளம் ஒன்றின் முகவரிக்கு அனுப்புமாறு உத்தரவு வருகிறது. இந்தியத் தளம், அந்த முகவரி எந்தத் தளத்துடையது என்று கண்டறிகிறது. ‘இம்முகவரி உங்களுடையதா, இப்பெயரில் வாடிக்கையாளர் இருக்கிறாரா?’ என்று கேட்கிறது. ‘ஆம்’ என்று பதில் வருகிறது. மாணவரின் பெயர் உண்மை, ஆவணங்கள் உண்மை. அந்தப் பக்கம் இருப்பவரும் இன்னொரு வாடகைக் கணக்குக்காரராக இருக்கலாம். அவருடைய ஆவணங்களும் உண்மையே. பயண விதி எந்தக் குறையும் இன்றி நிறைவேறிவிட்டது. மோசடியும் நிறைவேறிவிட்டது.

இங்கேதான் பரிவர்த்தனைக் கண்காணிப்பு தேவைப்படுகிறது. அது ‘யார்’ என்று கேட்பதில்லை. ‘இவர் இப்படிச் செய்பவரா’ என்று கேட்கிறது. மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் வாங்காத மாணவர் திடீரென 4,80,000 ரூபாய்க்கு வாங்குகிறார். வாங்கியது இருபது நிமிடங்கள்கூடத் தங்காமல் வெளியேறுகிறது. உள்நுழைந்த கைபேசி புதியது. இம்மூன்றும் சேர்ந்தால் அனுப்புவதை நிறுத்தி ஆராயக் காரணம் உண்டு. பெறும் முகவரி முன்பே மோசடிப் பணம் வந்து சேர்ந்த முகவரிகளோடு தொடர்புடையதா என்பதையும் பிளாக்செயின் ஆய்வுக் கருவிகள் காட்டும். சந்தேகம் உறுதியானால், வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமல் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்புவது தளத்தின் சட்டக் கடமை.

அந்தப் பணம் தப்பிச் சென்றுவிட்டாலும் பயண விதி வீணாவதில்லை. மறுமுனையில் இருந்தவரின் பெயரும் கணக்கும் அனுப்பிய தளத்தின் பதிவேட்டில் இருக்கின்றன. புலனாய்வாளர் முகவரியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; மனிதரிலிருந்து தொடங்கலாம். கண்காணிப்பு சந்தேகத்தை எழுப்புகிறது. பயண விதி அந்தச் சந்தேகத்துக்கு ஒரு விலாசம் தருகிறது.

இந்த ஏற்பாட்டில் ஓட்டைகளும் உள்ளன. விதி நாட்டுக்கு நாடு வெவ்வேறு காலத்தில் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானிலும் பிரிட்டனிலும் 2023இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 30இல்தான் வந்தது. அமெரிக்காவில் 3,000 டாலருக்குக் கீழ் இவ்விதி பொருந்தாது. ஐரோப்பாவிலோ தளங்களுக்கு இடையே கீழ்வரம்பே கிடையாது. விதி இல்லாத நாட்டின் தளத்திடம் கேள்வி கேட்டால் பதில் வராது. தனிநபர் தம் கைவசமே வைத்திருக்கும் வாலட்டுக்கு நாணயம் சென்றுவிட்டால், கேட்பதற்கு மறுமுனையில் எவருமே இல்லை.

நேர்மையானவர்கள் சிக்கும் இடமும் இருக்கிறது. விவரப் பரிமாற்றத்துக்குத் தளங்கள் பயன்படுத்தும் ஐவிஎம்எஸ்101 என்ற பொது வடிவம் குடும்பப் பெயரையும் இயற்பெயரையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயர் ஒரு ஆவணத்தில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் முழுப் பெயராகவும் இருக்கும். ‘எஸ்.முருகன்’ அனுப்பிய பணம் ‘முருகன் சுப்பிரமணியன்’ என்ற அவரது சொந்தக் கணக்கில் சேராமல் நிற்க இதுவே போதும். அப்படி நிற்கும் பணத்துக்கு யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் தீர்வு என்பது வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இந்தியா 2023 மார்ச் 7 அன்று கிரிப்டோ தளங்களைச் சட்டவிரோதப் பணப் பரிவர்த்தனைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. இங்கே பதிவு செய்யாமல் இயங்கிய வெளிநாட்டுத் தளங்களுக்கு அதே ஆண்டு டிசம்பரில் நோட்டீஸ் அனுப்பியது. 2024 ஜூனில் பைனான்ஸ் நிறுவனத்துக்கு 18.82 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தளங்களை வரம்புக்குள் கொண்டுவர இவை அவசியமானவையே. ஆனால், படிவம் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதோடு மேற்பார்வை நின்றுவிடக் கூடாது. வாடகைக் கணக்கின் படிவமும் நிரம்பித்தான் இருக்கும். சந்தேகம் எழுந்த பரிமாற்றங்களில் எத்தனை வெளியேறுமுன் நிறுத்தப்பட்டன, விவரம் வராத நாணயங்கள் எத்தனை வரவு வைக்கப்படாமல் காத்திருந்தன என்ற இரண்டு கேள்விகளைத் தளங்களிடம் தொடர்ந்து கேட்க வேண்டும். 1930க்கு அழைப்பவரின் பணம் மீளுமா என்பது அந்தப் பதில்களைப் பொறுத்தே இருக்கிறது.