ஈர்க்கைச் சொல்லுவம், அடகைச் சொல்ல வேண்டாம்

போன வருசம் எங்கட 12 நிமிடக் குறும்படத்தைத் திரையிட்டபோது, விழிப்புலனற்ற அண்ணா ஒருவர் வந்து முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் இருந்த நண்பர் அவருடைய காதுக்குள் கதை சொல்லிக்கொண்டே இருந்தார். படம் முடிய, "எப்பிடி அண்ணை?" எண்டு கேட்டோம். "சத்தமெல்லாம் நல்லா எடுத்திருக்கிறியள்" என்றார். அது பாராட்டு இல்லை எண்டு எங்களுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கினது.

படத்தில் முக்கியமான இடம் 38 செக்கன் நீளமான ஒரு காட்சி. நுண்கடன் வசூலிக்கிறவர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையைத் தட்டுகிறார். வீட்டுக்குள் தாயும் மகளும் மூச்சுக் காட்டாமல் ஒளிந்திருக்கிறார்கள். கமரா தாயின் காதுக்குக் கிட்டப் போகிறது. முதல் காட்சியில் தங்கத் தோடு இருந்த துளையில் இப்போது ஒரு ஈர்க்குத் துண்டு. இதில் ஒரு வசனமும் இல்லை. அந்த அண்ணாவுக்குக் கிடைத்தது மோட்டார் சைக்கிள் வந்து போன சத்தம் மட்டும்தான்.

அதனால் படத்துக்குக் காட்சி விவரணம் எழுத இருந்தோம். ஓடியோ டிஸ்கிரிப்ஷன் எண்டு சொல்லுறது இதைத்தான். வசனங்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில், திரையில் தெரிவதை ஒரு குரல் சொல்லும். சின்ன வேலை எண்டுதான் நினைத்தோம்.

எங்கட முதல் வரைவு இப்படி இருந்தது: "கடன்காரருக்குப் பயந்து, தோட்டை அடகு வைத்துவிட்ட தாய், மகளோடு ஒளிந்திருக்கிறாள்." அந்த அண்ணாவையே கூப்பிட்டு வாசித்துக் காட்டினோம். அவர் கேட்டார்: "அடகு வைச்சது எண்டு படம் பாத்த மற்றாக்களுக்கு ஆர் சொன்னது?"

ஒருத்தரும் சொல்லவில்லை. அவர்கள் ஈர்க்கைக் கண்டு தாங்களாக விளங்கிக்கொண்டார்கள். கண் தெரிகிறவருக்கு நாங்கள் தடயத்தைக் கொடுத்தோம், தெரியாதவருக்கு முடிவைக் கொடுத்தோம். எங்கட கருத்தில் காட்சி விவரணத்தில் நடக்கிற பெரிய பிழை இதுதான். உதவி செய்கிறோம் எண்டு நினைத்து, கேட்கிறவர் யோசிக்க வேண்டியதையும் நாங்களே யோசித்துக் கொடுத்துவிடுகிறோம். "பயந்து" என்பதும் அப்படித்தான். பயம் திரையில் தெரிவதில்லை. சுவரோடு ஒட்டின முதுகுதான் தெரிகிறது.

அடகை வெட்டினோம். "காதுத் துளையில் ஓர் ஈர்க்குத் துண்டு" எண்டு மட்டும் வைத்தோம். திருப்பி வாசிக்க அண்ணா பேசாமல் இருந்தார். பிறகு, "முதல் தோடு இருந்ததோ?" என்றார். முதல் காட்சியின் விவரணத்தில் நாங்கள் தோட்டைச் சொல்லவே இல்லை! குசினி, அடுப்பு, யன்னல் வெளிச்சம் எல்லாம் சொல்லியிருந்தோம். அங்கே வசனங்களுக்கிடையில் கிடைத்தது 3 செக்கன்தான். அதற்குள் ஆறு சொல் போகும். குசினியை அகப்பைச் சத்தமே காட்டித் தரும். ஆகவே எல்லாத்தையும் அழித்துவிட்டு, "அம்மாவின் காதில் சிறிய தங்கத் தோடு" எண்டு எழுதினோம். பின்னுக்கு வரப்போற ஒண்டுக்காக முன்னுக்கு எதைச் சொல்ல வேணும் எண்டு தெரிய, முழுப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் இருந்து முன்னோக்கி எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்தது நேரம். போனில் ஸ்டொப்வோச் போட்டு வாசித்துப் பார்த்தோம். அவசரமில்லாமல் வாசித்தால் ஒரு செக்கனுக்கு இரண்டு தமிழ்ச் சொல், நீளமான சொல் எண்டால் அதுவும் இல்லை. 38 செக்கன் எண்டால் 76 சொல் எண்டு கணக்குப் போடேலாது. 4ஆவது செக்கனில் எஞ்சின் நிற்கிறது. 12இல் படலைக் கொளுக்கிச் சத்தம். 15இல் "அக்கா!" எண்ட குரல். 29இல் உள்ளே கைத்தொலைபேசி அதிருகிறது. 34இல் மோட்டார் சைக்கிள் திரும்பக் கிளம்புகிறது. இந்தச் சத்தங்கள் விவரணத்தைவிட நல்லாகக் கதை சொல்லுகின்றன. அவற்றின் மேல் எங்கட குரல் விழக்கூடாது. "அக்கா"வுக்குப் பிறகு வரும் அமைதியும் வெற்றிடம் இல்லை. அவர்கள் மூச்சடக்குகிற நேரம் அது. அதில் கொஞ்சத்தை அப்படியே விட வேணும்.

தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எங்கட வினைச்சொல் கடைசியில்தான் வரும். "மரக்கதிரையில் வைத்திருந்த தாயின் கைத்தொலைபேசி ஒலிக்கத் தொடங்குகிறது" எண்டு எழுதியிருந்தோம். "தொடங்குகிறது" எண்டு சொல்லி முடிக்க முதலே போன் அதிர்ந்து முடிந்துவிட்டது. அதனால் வசனத்தை உடைத்துப் பொருளை மட்டும் முன்னுக்கு வைத்தோம். மிச்சத்தைச் சத்தமே சொல்லிவிடும். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

0:05 இருட்டறை. அம்மாவும் மகளும் கதவின் பின்னால், சுவரோடு ஒட்டியபடி.
0:20 அம்மாவின் காதுத் துளையில் ஓர் ஈர்க்குத் துண்டு.
0:26 பக்கத்தில் மரக்கதிரை. அதன்மேல் கைத்தொலைபேசி.
0:31 மகள் அதை எடுத்து நெஞ்சோடு அமத்துகிறாள்.

இருபத்திரண்டு சொல். இதை எழுத இரண்டு இரவு போனது.

கனக்கச் சண்டை பிடித்தது மரியாதைக்குத்தான். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தத் தலையிடி இல்லை. தமிழில் ஒரு வினையை முடித்தாலே அந்த ஆளை நாங்கள் எங்கே வைக்கிறோம் எண்டு தெரிந்துவிடும். வசூலிக்க வந்தவர் "வருகிறான்" எண்டால் அவரை வில்லனாக்கிப் போட்டோம். அவரும் மாதச் சம்பளத்துக்கு வெயிலுக்குள் ஓடித்திரிகிற பொடியன்தான். "வருகிறார்" எண்டு வைத்தோம். நாற்பது வயதுத் தாயை "பார்க்கிறாள்" எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. "பார்க்கிறார்" எண்டால் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. ஊரில் நாங்கள் கதைக்கிற மாதிரி "அம்மா விளக்கை ஏத்துறா" எண்டு எழுதினோம். அந்த "ஆ"வில் மரியாதையும் இருக்கிறது, கிட்டமும் இருக்கிறது. விவரணம் வசனத்தோடு குழம்பிவிடும், சுத்த எழுத்துத் தமிழ்தான் வேணும் எண்டு எங்களுக்குள்ளேயே சொன்ன ஆக்களும் உண்டு. வாசிக்கிற குரல் படத்தில் நடித்த ஒருவருடையதாக இல்லாவிட்டால் குழப்பம் வராது என்பது எங்கட அனுபவம்.

பதிவு பெரிய செலவில்லை. மின்விசிறியை நிற்பாட்டி, போர்வைக்குள் இருந்து போனில் பதிந்தோம். குரல் வரும் இடங்களில் மட்டும் படத்தின் ஒலியைக் குறைத்து, விவரணத்தோடு தனிப் பிரதி ஒன்று எடுத்தோம். ஆனால் ஒரு இடத்தில் தோற்றுப்போனோம். மகளும் தோழியும் விடாமல் கதைத்துக்கொண்டு நடக்கிற காட்சியில், பின்னால் சுவரில் ஒட்டியிருக்கிற கடன் விளம்பரத்தைச் சொல்ல அரைச் செக்கன்கூட இல்லை. எடிட்டிங் முடிந்த படத்தில் இடைவெளி செய்யேலாது. ஸ்கிரிப்ட் எழுதும்போதே யோசித்திருந்தால் ஒரு மூச்சு விட்டு அடுத்த வசனத்தை வைத்திருப்போம். படத்துக்கும் அது நல்லதாக இருந்திருக்கும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. திரைப்படங்களை அணுகக்கூடிய வடிவில் அனுபவிக்கும் உரிமையை அதன் 30ஆவது உறுப்புரை சொல்கிறது. ஆனால் எங்கட குறும்பட விழாக்களின் விண்ணப்பப் படிவத்தில், நாங்கள் அனுப்பின அளவில், ஆங்கில சப்டைட்டில் கேட்கிற இடம் இருக்கிறது, விவரணப் பிரதி கேட்கிற இடம் இல்லை. அந்த ஒரு வரியைச் சேருங்கோ எண்டு ஏற்பாட்டாளர்களிடம் கேட்கிறோம். படம் எடுக்கிறவர்களிடம் கேட்பது, எடிட்டைப் பூட்ட முதல் விழிப்புலனற்ற ஒருவரை இருத்திக் கேட்க வையுங்கோ, எடிட்டருக்குக் கொடுக்கிற மாதிரி அவருக்கும் சம்பளம் கொடுங்கோ என்பதுதான். எங்கட படத்தில் இருந்த இரண்டு பெரிய பிழையையும் பிடித்தது அவர்.

விவரணப் பிரதியை அந்த அண்ணாவுக்குப் போட்டுக் காட்டினோம். ஈர்க்கு வந்த இடத்தில் அவருடைய கை தன் காதுக்குப் போனது. முடிந்த பிறகு அவர் சத்தத்தைப் பற்றி ஒண்டும் சொல்லவில்லை. "அந்தத் தோடு பிறகு மீண்டதோ?" எண்டு கேட்டார்.