கேட்டையில் பிறந்த பிள்ளையும் அசையாத நட்சத்திரமும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியோடு இருந்து ஆறுதலாக வாசியுங்கள்.

எங்களோடு படிப்பிக்கும் ஒரு ரீச்சரின் மகளுக்குப் பேசிவந்த கலியாணம் போன மாதம் குழம்பிவிட்டது. பிள்ளை படித்தவள், குணசாலி. மாப்பிள்ளை வீட்டாருக்கும் பிடித்திருந்தது. குறிப்பைப் பார்த்த சாத்திரியார் சொன்னது ஒரே வசனம்: "பிள்ளை கேட்டை. மாப்பிள்ளைக்கு மூத்த தமையன் இருக்கிறார், அவருக்குக் கூடாது." கிரகம் என்றால் பரிகாரம் செய்யலாம், நட்சத்திரம் என்றால் அது விதி, அதற்கு ஒன்றும் செய்ய ஏலாது என்றும் சொன்னாராம். ஸ்டாஃப் ரூமில் அந்த ரீச்சர் அழுததைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறோம்.

"சோனகருக்கு ஏன் இந்தக் கதை?" என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். பக்கத்து வீட்டைத் திருத்துவதற்கு நாங்கள் வரவில்லை. எங்கள் வீடுகளிலும் சபர் மாதத்தில் நிக்காஹ் வைக்கப் பயப்படுகிறோம். வாப்பாவுக்குத் தெரியாமல் சாத்திரியிடம் போன உம்மாமாரையும் எங்களுக்குத் தெரியும். அதோடு, வானத்து வெள்ளிகளுக்கு உலகம் இன்றும் வழங்கும் பெயர்களில் பாதி அறபுப் பெயர்கள். கேட்டைக்கு அறபியில் கல்புல் அக்ரப், அதாவது தேளின் இதயம். அறபிகள் சந்திரன் தங்கும் இடங்களை 28 மன்ஸில்களாக எண்ணினார்கள், எங்கள் ஊரில் 27 நட்சத்திரம். அந்த வரிசையில் கல்பு 18ஆவது. இங்கே கேட்டையும் 18ஆவது. ஆக, இது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பழைய சரக்கு. அதைப் பற்றிக் கதைக்க எங்களுக்கும் உரிமை உண்டு.

சரி, நட்சத்திரத்தின் பலனை மட்டும் ஏன் "விதி" என்றார்கள்? பழைய கிரேக்க, அறபு நூல்களைப் பார்த்தால் மூன்று காரணம் தெரிகிறது.

முதலாவது, உயரம். பழையவர்களின் வானம் வெங்காயம் போல அடுக்கு அடுக்கானது. சந்திரனில் தொடங்கிச் சனி வரை ஏழு அடுக்கு. நட்சத்திரங்கள் பதிந்திருப்பது அதற்கும் மேலே எட்டாவது அடுக்கில். காரணம் மேலிருந்து கீழே இறங்கும் என்பது அவர்களின் எண்ணம். ஆகவே மேலே இருப்பதன் சொல்லைக் கீழே உள்ள கிரகம் தட்ட முடியாது.

இரண்டாவது, அசையாமை. கிரகம் வரும், போகும். சனி பொல்லாதது என்றாலும் இரண்டரை வருசத்தில் இராசி மாறிவிடும். நட்சத்திரம் அப்படியல்ல. அது 100 வருசத்துக்கு ஒரு பாகை நகர்வதாக அலெக்ஸாந்திரியாவின் தொலமி கணக்கிட்டார். 964இல் நட்சத்திரங்களைப் பற்றித் தனி நூல் எழுதிய அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 66 வருசம் என்று வைத்துக்கொண்டு தொலமியின் பட்டியலைத் திருத்தினார். இன்றைய கணக்கு ஏறத்தாழ 72 வருசம். எப்படிப் பார்த்தாலும் அது ஒரு பாகை நகர்வதற்குள் ஒரு மனிதனின் ஆயுள் முடிந்துவிடும். அதனால் பிறந்த நேரத்தில் ஒரு கிரகத்தோடு சேர்ந்து நின்ற நட்சத்திரம் மையத்துவரைக்கும் கழராது என்றார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. கிரகத்துக்கு ஆட்சி, உச்சம், நீசம், பகை, வக்கிரம் என்று ஏகப்பட்ட நிலைகள் உண்டு. சாத்திரி அவற்றைக் கூட்டிக் கழித்து "இதனால் இது" என்று காரணம் காட்டலாம். நட்சத்திரத்துக்கு அந்தப் பழைய முறையில் வீடும் இல்லை, உச்சமும் இல்லை, வக்கிரமும் இல்லை. பெரும்பாலும் ஒரு கிரகத்தோடோ லக்கினத்தோடோ ஒரே பாகையில் சேர்ந்தால் பலன், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. எனவே அதன் பலனுக்குக் காரணம் காட்ட வழியில்லை. தொலமியின் பெயரில் அறபியில் பரவிய கிதாபுஸ் ஸமரா என்ற நூலும் இதைத்தான் சொல்கிறது: நட்சத்திரம் தகுதியைப் பாராமல் பெரிய வாழ்வைக் கொடுக்கும், கிரகங்களும் ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் அது ஆபத்தில் போய் முடியும்.

கவனியுங்கள். காரணம் காட்ட முடியாத இடத்துக்குத்தான் "விதி" என்று பெயர் வைத்தார்கள். ஒருவன் திடீரென்று உயர்ந்து திடீரென்று விழுந்தால், விழுந்த பிறகு அவன் சாதகத்தில் ஒரு வெள்ளியைத் தேடிப் பிடித்து அதன் தலையில் பழியைப் போடலாம். கணக்கு முடிந்துபோன இடத்தை மூடி வைத்த துணிதான் அந்தச் சொல்.

இனி அந்தப் பிள்ளையின் கேட்டைக்கு வருவோம். பஞ்சாங்கத்தில் கேட்டை என்பது ஒரு வெள்ளியின் பெயர் அல்ல, வானத்தில் 13 பாகை 20 கலை நீளமான ஒரு துண்டின் பெயர். விருச்சிகத்தில் 16 பாகை 40 கலையில் தொடங்கி இராசி முடியும்வரை அந்தத் துண்டு. உண்மையான கேட்டை வெள்ளி, அதாவது அந்தச் சிவந்த அந்தாரிஸ், எங்கே நிற்கிறது? திருக்கணிதக்காரர் பெரும்பாலும் எடுக்கும் லஹிரி அயனாம்சப்படி விருச்சிகத்தில் 16 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில். அது அனுஷத்தின் துண்டு! கேட்டை வெள்ளி கேட்டை வீட்டிலேயே இல்லை.

இதன் பொருள் என்ன? சந்திரன் அந்த வெள்ளியோடு சரியாகச் சேர்ந்து நிற்கும்போது பிறந்த பிள்ளைக்கு "அனுஷம், நல்ல நட்சத்திரம்" என்று எழுதுவார்கள். எங்கள் ரீச்சரின் மகளுக்குச் சந்திரன் விருச்சிகம் 28 பாகை. வெள்ளிக்கும் சந்திரனுக்கும் 12 பாகை இடைவெளி. கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அது வானத்தில் கிட்டத்தட்ட 10 பாகையை மறைக்கும். அதைவிடக் கூடிய தூரம் இது. சந்திரன் நாளுக்கு ஏறத்தாழ 13 பாகை போகும். ஆகவே அவள் பிறப்பதற்கு ஏறக்குறைய 22 மணித்தியாலம் முன்பே சந்திரன் அந்த வெள்ளியைக் கடந்து போய்விட்டது. எந்த வெள்ளி அவளைத் தொட்டது?

எல்லைக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். வாக்கியமும் திருக்கணிதமும் சந்திரன் நிற்கும் இடத்தை ஒரேமாதிரிச் சொல்வதில்லை. ஒன்றில் அனுஷமாக இருக்கும் பிள்ளை மற்றதில் கேட்டையாகிவிடலாம். எந்தப் பஞ்சாங்கத்தை வாங்கினோம் என்பதைப் பொறுத்து மாறும் விதி என்ன விதி?

பாகை ஒன்றாக இருந்தாலும் வானத்தில் இரண்டும் சேர்ந்து நிற்கும் என்றில்லை. சூரியன் போகும் பாதைக்குத் தெற்கே நாலரைப் பாகையில் கேட்டை நிற்கிறது. சந்திரன் அந்தப் பாதைக்கு வடக்கே ஐந்து பாகை வரை ஏறும். அப்போது தாளில் "சேர்க்கை" என்று எழுதினாலும் கண்ணுக்கு இடையில் ஒரு முட்டி தூரம் இருக்கும். அறபிகள் பேயின் தலை என்று பயந்த ரஃஸுல் கூல், அதாவது அல்கோல், பாதைக்கு வடக்கே 22 பாகையில் நிற்கிறது. எந்தக் கிரகமும் ஒருநாளும் அதன் கிட்டப் போனதில்லை. ஆனாலும் அதோடு "சேர்ந்த" கிரகம் தலையை வாங்கும் என்று நூல் நூலாக எழுதினார்கள்.

கணித பாடம் படித்த பிள்ளைகள் இன்னொன்றையும் செய்து பார்க்கலாம். தொலமி முதல் தரப் பிரகாசம் என்று எண்ணிய வெள்ளிகள் 15. சாதகத்தில் ஏழு கிரகம், லக்கினம், உச்சி என்று ஒன்பது இடம். முன்னே ஒரு பாகை, பின்னே ஒரு பாகை விட்டுக் கொடுத்தால் ஒவ்வொரு சோடிக்கும் 360இல் 2 பாகை வாய்ப்பு. 15ஐ 9ஆல் பெருக்கினால் 135 சோடி. 135ஐ 2ஆல் பெருக்கி 360ஆல் வகுத்தால் 0.75. அதாவது ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு சேர்க்கையாவது தற்செயலாகவே அமைந்துவிடும். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 20 பேருக்கு "விதி நட்சத்திரம்"! அத்தனை பேரும் அரசாளவும் இல்லை, அத்தனை பேரின் தலையும் போகவும் இல்லை. உயர்ந்து விழுந்த ஒருவரின் சாதகம் மட்டும் நூலில் ஏறியது. மற்றப் பத்தொன்பது பேரை யாரும் எழுதவில்லை.

"அப்படியென்றால் கேட்டைக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்று கேட்பீர்கள். எங்களுக்குப் பட்டதைச் சொல்கிறோம். வெள்ளி சிவப்பு. செவ்வாயைப் போல இருப்பதால் கிரேக்கர் அதன் பெயரிலேயே செவ்வாயைச் சேர்த்தார்கள், தொலமியும் அதற்குச் செவ்வாயின் குணத்தையே கொடுத்தார். நிறத்தைப் பார்த்து இரத்தம் என்றார்கள். வடமொழியில் அதன் பெயர் ஜ்யேஷ்டா, மூத்தவள். பெயரைப் பார்த்து மூத்தவனுக்கு ஆகாது என்றார்கள். ஒரு நிறமும் ஒரு பெயரும். இவற்றின் மேல்தான் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இந்தச் சாத்திரத்தின் பெரிய ஆசானே எல்லாம் விதி என்று சொல்லவில்லை. ஊருக்கு வரும் பெரிய காரணம், தனி ஆளின் சாதகத்தை மேவிவிடும் என்று தொலமி ஒத்துக்கொள்கிறார். எங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து வெளியேற்றினார்கள். அன்று வெளிக்கிட்டவர்களில் 27 நட்சத்திரமும் இருந்தது. அசுவினியும் போனது, ரேவதியும் போனது. கைக்குழந்தையும் போனது, எண்பது வயது மூத்தம்மாவும் போனார். அதைச் செய்தது எந்த வெள்ளியும் அல்ல. மனிதர்கள் முடிவெடுத்தார்கள், மனிதர்கள் செய்தார்கள். அதை "எங்கட விதி" என்று சொல்லிச் சமாதானப்படும்போது செய்தவர்களைக் கேள்வியிலிருந்து விடுவிக்கிறோம். கலியாணத்தைக் குழப்பியவர்களை "கேட்டை" விடுவிப்பதும் அதே மாதிரித்தான்.

களா கத்ரை நம்புகிற நாங்களே விதியை மறுக்கிறோமா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. ஹுதைபிய்யாவில் மழை பெய்த காலையில், இன்ன நட்சத்திரத்தால் மழை கிடைத்தது என்று சொல்பவரை நபியவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்பது மதரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரியும். கத்ர் அல்லாஹ்வின் அறிவில் உள்ளது. அதை வாசித்துச் சொல்லும் அதிகாரத்தை எந்த வெள்ளிக்கும் எந்த மனிதனுக்கும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வைகாசி, ஆனி மாதங்களில் மழை இல்லாத இரவில் எட்டு, ஒன்பது மணிபோல பண்ணைப் பாலத்தடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தென்கிழக்கே தேள் வடிவமும் நடுவில் ஒரு சிவந்த வெள்ளியும் தெரியும். அதுதான் கேட்டை. கையை நீட்டி முட்டியால் அளந்து காட்டுங்கள். யாருடைய தமையனையும் அது பார்த்துக்கொண்டு நிற்கவில்லை என்று பிள்ளைகளுக்கே விளங்கும்.

அந்த மாப்பிள்ளையின் தமையன் இதை வாசித்தால், தம்பிக்கு ஒரு கோல் எடுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது.