நெய், முந்திரி, மத்தி மீன்: ஒரே சாப்பாட்டில் நல்ல கொழுப்பு எவ்வளவு, கெட்ட கொழுப்பு எவ்வளவு? கணக்கு எங்கே தப்புது?

பாக்கெட் உணவுகளின் லேபிளில் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகிய மூன்றின் அளவையும் தடித்த, பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற திருத்தத்துக்கு, 2024 ஜூலையில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. பாக்கெட்டுக்கு சரி. காரைக்கால் மீன் மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கிற மத்திக்கும், வீட்டில் உருக்கின நெய்க்கும் லேபிள் ஏது? அங்கே கணக்கை நாமதான் போடணும்.

ஒரு மதிய சாப்பாடு

பருப்பு சோற்றில் 10 கிராம் நெய், அதாவது சுமார் 2 தேக்கரண்டி. குழம்பில் முள் நீக்கி 100 கிராம் மத்தி. கடைசியாகக் கொறிக்க 30 கிராம் முந்திரி, பண்ருட்டி பக்கத்து சரக்குன்னே வைத்துக்கொள்வோம். குழம்புக்கு ஊற்றும் எண்ணெய்க்குப் பிறகு வருவோம்.

நெய் கிட்டத்தட்ட முழுக்கவே கொழுப்பு. அந்த 10 கிராமில் 6.2 கிராம் நிறைவுற்றது, 3.3 கிராம் நிறைவுறாதது. முந்திரியில் மொத்தக் கொழுப்பு சுமார் 13 கிராம். அதில் நிறைவுற்றது 2.3 கிராம்தான், நிறைவுறாதது 9.5 கிராம். மத்தியில் 10 கிராம் கொழுப்பு என்று எடுத்தால், நிறைவுற்றது ஏறக்குறைய 3.3 கிராம், நிறைவுறாதது 5.7 கிராம். மீனை நல்லதுன்னு சொல்ல வைக்கிற ஒமேகா-3 இந்த 5.7-க்குள்தான் இருக்கு.

கூட்டினால் மொத்தக் கொழுப்பு 33 கிராம், நிறைவுற்றது 11.8 கிராம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு நிறைவுற்ற கொழுப்பின் வரம்பு சுமார் 22 கிராம். நாள் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் அதிலிருந்து வரக்கூடாது, ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்ற கணக்கில் கிடைப்பது இது. அப்படிப் பார்த்தால் இந்த ஒரு வேளையிலேயே பாதிக்கு மேல் போயாச்சு.

மொத்தக் கொழுப்பை மட்டும் பார்த்தால் மூன்று பொருளும் கிட்டத்தட்ட சமம். சொல்லப்போனால் முந்திரிதான் முதலிடம். பிரித்துப் பார்த்தால்தான் 11.8-இல் பாதிக்கு மேல் நெய்யில் இருந்து வந்தது தெரியும். முந்திரியைக் குறைத்துவிட்டு நெய்யை அப்படியே வைத்துக்கொள்பவர் தவறான இடத்தில் கை வைக்கிறார்.

கழித்தால் ஏன் சரியாக வராது?

மொத்தத்தில் இருந்து நிறைவுற்றதைக் கழித்தால் மிச்சமெல்லாம் நிறைவுறாதது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 33-இல் 11.8 போனால் 21.2. ஆனால் மேலே தனித்தனியாகக் கூட்டினால் வருவது 18.5 தான். மீதி 2.7 கிராம் எங்கே?

கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்கள் மட்டும் இல்லை. மூன்று அமிலங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிசரால் என்ற பகுதிக்கும் எடை உண்டு. நெய், எண்ணெயில் இதனால் சுமார் 5 சதவீதம் குறையும். மீனில் பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால் போன்றவையும் ஆய்வகத்தில் 'கொழுப்பு' என்ற ஒரே தலைப்பில் சேர்ந்துவிடும். கொழுப்புள்ள மீனில் 10 சதவீதம், கொழுப்பு குறைந்த வெள்ளைச் சதை மீனில் 30 சதவீதம் வரைகூட விடுபடும். அதனால் அட்டவணையில் மூன்று வகையும் கூட்டி மொத்தத்துக்கு வரலைன்னா அச்சுப்பிழைன்னு நினைக்க வேண்டாம். மொத்தமும் கூட்டலும் துல்லியமாக ஒத்துப்போனால்தான், யாரோ கழித்துப் போட்டிருக்காங்களோன்னு சந்தேகப்படணும்.

எண்ணெய்தான் கணக்கை மாற்றும்

மத்தியின் கொழுப்பு சீசனுக்கு சீசன் மாறும். முட்டையிட்ட பிறகு மெலியும், நன்றாக இரை கிடைக்கும் மாதங்களில் கொழுக்கும். 10-க்குப் பதில் 4 கிராம் என்றால் நிறைவுற்றது 2 கிராம் குறையும், அவ்வளவுதான். பொரித்தால் கதை வேறு. மீன் 10 கிராம் எண்ணெய் குடித்தால், நல்லெண்ணெயில் நிறைவுற்றது ஒன்றரை கிராமுக்குள் கூடும், பாமாயிலில் 5 கிராம், தேங்காய் எண்ணெயில் 8 கிராமுக்கு மேல்! எவ்வளவு குடித்தது என்று தெரிய, வாணலியை எண்ணெயோடு பொரிக்கும் முன்பும் பின்பும் எடை போட்டால் போதும், வித்தியாசம்தான் விடை. மசாலா துணுக்கு விழுவதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். குழம்புக்கும் தாளித்த எண்ணெயை இதே மாதிரி சேர்க்கணும், தேங்காய் அரைத்து ஊற்றினால் அதையும்தான்.

எடை விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணை போன்றவற்றில் மீன் அளவு பச்சையாக, உண்ணும் பகுதிக்குத் தரப்பட்டிருக்கும். தலை, முள்ளோடு நிறுத்த எடையை அதில் போட்டால் கொழுப்பு கூடுதலாகக் காட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பல வீடுகளில் கருவாடுதான். அதில் தண்ணீர் வற்றியிருப்பதால் 100 கிராமுக்கான கொழுப்பு பச்சை மீனைவிட அதிகம். அதற்குக் கருவாட்டுக்கான வரிசையைத்தான் பார்க்க வேண்டும், பச்சை மத்தியின் எண்ணைப் போட முடியாது.