சொல்லை எண்ணாதீர், கவிதையை அளப்பீர்

கல்லூரி இதழ்களின் கவிதைப் போட்டி அறிவிப்புகளில் தவறாது இடம்பெறும் ஒரு வரி உண்டு: "30 சொற்களுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும்." தலைப்பு பெரும்பாலும் நகரத் தனிமை. அளவு வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. அந்த அளவைச் சொல்லால் வைப்பதுதான் பிழை. தமிழில் அது எதையும் அளப்பதில்லை. அதோடு, நேர்மையாக எழுதுபவரைத் தண்டிக்கவும் செய்கிறது.

ஐதராபாத்தின் அமீர்பேட்டில் விடுதி ஒன்றில் தங்கி, மென்பொருள் பயிற்சிக்குச் செல்லும் மாணவி ஒருத்தி இப்போட்டிக்குக் கீழ்க்கண்டவாறு எழுதினாள் என்று வைத்துக்கொள்ளலாம்:

மைத்ரிவனத்தின் முன்னே
பதினோரு துண்டறிக்கைகள் என் கையில்
என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை
அறையில் நான்கு கட்டில்கள்
மூவர் ஊருக்குப் போயிருக்கிறார்கள்
நான் மட்டும் இருக்கிறேன்
பேசுவதற்கு ஒருவரும் இல்லை
மெட்ரோ வந்து நிற்கும்போது
ஒரு குரல் நிலையத்தின் பெயரைச் சொல்கிறது
மூன்று மொழிகளில்
அதுதான் இன்று என்னிடம் பேசியது

எண்ணிப் பார்த்தால் 36 சொற்கள். ஆறு சொற்கள் மிகை. அவற்றைக் குறைக்க இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, விதியை மதித்து உண்மையிலேயே சொற்களை நீக்குவது. தமிழ் வினைமுற்றில் இடம், எண் காட்டும் விகுதி இருப்பதால் 'இருக்கிறேன்' என்றாலே 'நான்' விளங்கிவிடும். ஆகவே முதலில் வெட்டுப்படுவது 'நான்'. அடுத்து 'மட்டும்'. பிறகு இரண்டு 'என்', ஒரு 'ஒரு', ஓர் 'இன்று'. ஆறும் போயின; கவிதை 30 சொற்களில் அடங்கிவிட்டது. வாக்கியங்களில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் போனவை எவை என்று பார்க்க வேண்டும். விகுதியே போதுமான இடத்தில் 'நான்' என்று தனியே சொல்வது தமிழில் வெறும் எழுவாய் அன்று. பிறரிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டும் அழுத்தம். 'நான் மட்டும் இருக்கிறேன்' என்பதில் ஊருக்குப் போன மூவரும் இருக்கிறார்கள். 'இருக்கிறேன்' என்பதில் அவர்கள் இல்லை. 'மட்டும்' ஒரு சொல்லைத் தின்கிறதே என்று ஏகாரத்தை ஒட்டி 'நானே இருக்கிறேன்' என்று எழுதினாலோ தனிமை போய்த் தற்பெருமை வந்து உட்கார்ந்துகொள்ளும். தனிமையைப் பற்றிய கவிதையில் தனிமையைச் சுமந்த சொற்களையே இவ்விதி முதலில் பலி கேட்கிறது.

இரண்டாம் வழி இன்னும் எளிது. எதையும் நீக்க வேண்டியதில்லை. இடைவெளியை மட்டும் நீக்கினால் போதும். 'பேசுவதற்கொருவருமில்லை' என்று புணர்த்தி எழுதினால் மூன்று சொல் ஒன்றாகும். 'என்கையில்', 'என்பெயரை', 'நான்மட்டும்', 'வந்துநிற்கும்போது' என்று சேர்த்தால் மேலும் நான்கு மிச்சம். கவிதை மீண்டும் 30 சொல். இம்முறை இழந்த சொல் ஒன்றுமில்லை. கணினி இடைவெளியைத்தான் எண்ணுகிறது. நடுவரும் கணினியைத்தான் நம்புகிறார். இது மோசடி என்றும் எளிதில் சொல்லிவிட முடியாது. முதல் எடுத்துக்காட்டு முறையான புணர்ச்சி. மற்றவற்றைப் பொறுத்தவரை, 'மட்டும்', 'போது', 'விடு', 'கொள்' முதலியவற்றைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதில் நம் பதிப்பகங்களுக்குள்ளேயே ஒருமை கிடையாது.

ஆக, ஒரே கவிதை, இரண்டு போட்டியாளர்கள். மொழிக்கு நேர்மையாக இருந்தவள் ஆறு சொற்களை இழந்தாள். இடைவெளியை விழுங்கியவள் ஒன்றையும் இழக்கவில்லை. இப்படியொரு முடிவைத் தரும் விதியை நடுநிலையான விதி என்று எப்படிச் சொல்வது?

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இடைவெளிகளுக்கு நடுவே நிற்பதே சொல் என்ற கணக்கு ஆங்கிலத்துக்கு ஓரளவு பொருந்தும். ஒட்டுநிலை மொழியான தமிழுக்கு அது பொருந்தாது. நம் ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளியே விடப்படவில்லை. பதம் பிரித்தது பிற்காலப் பதிப்பாசிரியர்கள். ஒரு சங்கப் பாட்டில் எத்தனை சொல் என்று கேட்டால் விடை பதிப்புக்குப் பதிப்பு மாறும். எத்தனை அடி என்று கேட்டால் மாறாது. அதை யாப்பு காத்து நிற்கிறது.

அளவு வைப்பதில் நம் முன்னோர் சளைத்தவர்கள் அல்லர். அகப்பாடல்களைத் தொகுத்தவர்கள் நீளத்தை வைத்தே நூல்களைப் பிரித்தனர்: குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31. அவர்கள் எண்ணியது சொல்லை அன்று, அடியை. குறுந்தொகையின் 307, 391 ஆகிய பாடல்கள் 9 அடியாகவே நமக்குக் கிடைத்திருக்கின்றன.

அதே நூலில் பதுமனார் பாடிய 6ஆம் பாட்டு இப்போட்டியின் தலைப்புக்கு மிக அருகில் நிற்பது. நள்ளிரவில் உலகமே உறங்க, ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். நான்கே அடி; ஈற்றயலடி மூன்று சீர், மற்றவை நான்கு சீர், மொத்தம் 15 சீர். இவ்வளவு இறுக்கமான இடத்திலும் கடைசி அடியில், வினைமுற்றின் விகுதியே 'நான்' என்பதைச் சொல்லிவிட்ட பிறகும், தன்மைப் பெயரையும் அது ஒருத்தியே என்று காட்டும் அடையையும் புலவர் இட்டிருக்கிறார். இன்றைய சொல்லெண்ணிக்கை விதி முதலில் வெட்டச் சொல்லும் இரண்டு சொற்கள் அவை. அவற்றை எடுத்துவிட்டால் அங்கே பாட்டில்லை. தூக்கம் வரவில்லை என்ற செய்திதான் மிஞ்சும்.

புதுக்கவிதைக்குச் சீர் இல்லையே, அடியை மட்டும் எண்ணினால் அடியை நீட்டி ஏமாற்றலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் மரபில் விடை உண்டு: ஒற்று நீக்கி எழுத்தெண்ணுவது. கட்டளைக் கலித்துறையில் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. இந்தக் கணக்கு புணர்ச்சிக்கு எளிதில் ஏமாறாது. 'பேசுவதற்கு ஒருவரும் இல்லை' என்பதில் புள்ளி பெற்ற எழுத்துகளை விட்டு எண்ணினால் 11. 'பேசுவதற்கொருவருமில்லை' என்பதில் 10. சொற்கணக்கு மூன்றிலிருந்து ஒன்றாகச் சரிந்த இடத்தில் எழுத்துக்கணக்கு ஒன்றுதான் குறைகிறது. குறைந்ததும் புணர்ச்சியில் உண்மையாகவே ஒலியிழந்த உகரம். அதாவது இந்த அளவுகோல் தாளிலுள்ள வெற்றிடத்தை அளக்காமல் வாயிலிருந்து வரும் ஒலியை அளக்கிறது.

இதழாசிரியருக்கு உண்மையில் தேவைப்படுவது பக்கத்தில் இடம். இடத்தைத் தின்பது அடியும் எழுத்துமே; சொல் அன்று. எனவே அடுத்த அறிவிப்பில் "12 அடிக்கு மிகாமல், ஓர் அடிக்கு ஒற்று நீக்கி 20 எழுத்துக்கு மிகாமல்" என்று எழுதட்டும். மாணவியின் பதினோரு அடிகளும் அதில் அப்படியே அடங்கும். அதன் பிறகு அவள் எதையேனும் வெட்டினால் கவிதைக்காக வெட்டுவாள். 'நான் மட்டும்' என்ற இரண்டு சொற்களும் தம் இடத்தில் இருக்கும், நடுவில் ஓர் இடைவெளியோடு.